நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஸ்கூல்ல சுகர் டெஸ்ட்: டீச்சருக்குக் கொடுக்குற கடிதத்தைத் திருத்தித் தாங்களேன்

இரணியல்_அம்மா | ஜூன் 7, இரவு 9:12

மகளுக்கு ஒன்பது வயசு, 26 கிலோ. டைப் 1 சுகர். வீட்ல ரெண்டு வேளை ஊசி போக, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு ஸ்கூல்ல வச்சுப் போடணும். அதுக்கு எங்க அப்பா 12:30-க்கு ஸ்கூலுக்குப் போவாரு. அதுக்கு முன்னால பிள்ளை தானே விரல்ல குத்திப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கும், தாத்தா அந்த நம்பரைப் பார்த்து யூனிட் கணக்குப் போட்டு ஊசி போடுவாரு. இந்த வருஷம் புது கிளாஸ் டீச்சர். திங்கக்கிழமை கொடுக்க ஒரு கடிதம் எழுதி வச்சிருக்கேன். தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லுங்க.

> மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு,
> என் மகள் டைப் 1 சர்க்கரை நோயாளி. தினமும் மதிய உணவுக்கு முன் அவள் தலைமையாசிரியர் அறைக்குச் சென்று இரத்தச் சர்க்கரை பரிசோதித்துக்கொள்ள அனுமதிக்கவும். மீட்டரும், பாலித்தீன் கவரில் மூன்று ஸ்ட்ரிப்பும் அவளிடம் இருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துவிட்டுக் குத்திக்கொள்வாள். சர்க்கரை குறைந்தால் பையில் உள்ள சாக்லேட்டைக் கொடுக்கவும். தயவுகூர்ந்து அவளை நன்றாகக் கவனித்துக்கொள்ளவும்.

---

கொல்லங்கோட்டான் | ஜூன் 7, இரவு 9:40

எங்க மாமனாருக்கும் சுகர்தான். காலையில வெறும் வயித்துல ஒரு தடவை, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, மாசம் ஒருக்கா லேப்ல பார்த்தாப் போதும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பிள்ளையை எதுக்கு ஸ்கூல்ல வச்சு தினமும் குத்துறீங்க? மரச்சீனியையும் மட்டிப்பழத்தையும் நிறுத்துங்க, தன்னால குறையும்.

---

வார்டு_சிஸ்டர் | ஜூன் 7, இரவு 10:25

கொல்லங்கோட்டு அண்ணே, மாமனாருக்கு உள்ளது வேற, இந்தப் பிள்ளைக்கு உள்ளது வேற. அவருக்கு உடம்புல இன்சுலின் கொஞ்சமாவது ஊறும். இந்தப் பிள்ளைக்கு ஊறவே ஊறாது, வெளியில இருந்துதான் போடணும். அளவு கொஞ்சம் கூடினா ஒரு மணி நேரத்துல சுகர் இறங்கிரும். அதனால ஊசிக்கு முன்னால பார்த்தே ஆகணும். மட்டிப்பழம் தின்னாலும் தின்னாட்டியும் அது மாறாது.

இரணியல் அக்கா, உங்க கடிதத்துல நாலு விஷயம் மாத்தணும். எல்லாத்துக்கும் மேல அந்த "ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து". அதை முதல்ல சொல்றேன், ஏன்னா உங்க வீட்டு ஏற்பாட்டுல பிள்ளை எழுதுற நம்பரை வச்சுத்தான் தாத்தா மருந்து போடுறாரு. நம்பர் தப்புன்னா மருந்தும் தப்பு.

ஸ்ட்ரிப் உறிஞ்சுற ரத்தம் அரை மைக்ரோலிட்டர் இருக்கும், ஒரு கடுகைவிடச் சின்னத் துளி. சுகர் 100 இருக்குற பிள்ளைக்கு அந்தத் துளியில உள்ள குளுக்கோஸ் எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை இருபது லட்சம் பங்காப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. விரல்ல ஒட்டியிருக்குற பழச்சாறுல அதே அளவு குளுக்கோஸ் கூடச் சேர்ந்தாப் போதும், மீட்டர் 200-னு காட்டிரும். கண்ணுக்கும் தெரியாது, ஒட்டுற மாதிரிகூடத் தோணாது.

இப்ப இப்படி வச்சுக்கோங்க. பக்கத்துப் பிள்ளை கொண்டு வந்த மட்டிப்பழத்தை உங்க மக உரிச்சுக் கொடுக்குது, தின்னக்கூட இல்ல. அந்தக் கையோட ஸ்பிரிட் பஞ்சால துடைச்சுக் குத்திப் பார்க்குது. மீட்டர் 320 காட்டுது. உண்மையில ரத்தத்துல இருக்குறது 115. தாத்தா கையில உள்ள கணக்கு என்ன? அநேகமா "120-க்கு மேல ஒவ்வொரு நூறுக்கும் ஒரு யூனிட் கூட"ன்னு இருக்கும். 320-ல 120 போனா 200. சாப்பாட்டுக்கு உள்ளதுக்கு மேல ரெண்டு யூனிட் கூடப் போடுவாரு. அந்த ரெண்டு யூனிட் 200 இறக்கக்கூடியது, ஆனா இறக்க அங்க மிச்சமே இல்ல. வேகமா வேலை செய்யுற இன்சுலின் ஒன்று, ரெண்டு மணி நேரத்துல உச்சத்துக்கு வரும். ஒன்றரை, ரெண்டு மணிக்குப் பிள்ளை வகுப்புல மயங்கிச் சரியும். "தாத்தா சரியாத்தானே போட்டாரு"ன்னு எல்லாரும் முழிப்பாங்க.

ஸ்பிரிட் பஞ்சால இந்தச் சர்க்கரை போகாது. 2011-ல ஜப்பான்ல இதை முறையா பார்த்தாங்க. ஆரஞ்சு, திராட்சை, கிவி உரிச்ச கையை அஞ்சு தடவை ஸ்பிரிட் வச்சுத் துடைச்சும் நம்பர் ஏறித்தான் நின்னுது. குழாய்த் தண்ணியில கழுவினதும் சரியாச்சு. கொரோனாவுக்கு அப்புறம் வகுப்புக்கு வகுப்பு இருக்குற சானிடைசரும் இதுக்கு உதவாது.

கழுவினா மட்டும் போதாது, துடைச்சுக் காய விடணும். ஈர விரல்ல குத்தினா தண்ணி ரத்தத்தோட கலந்து நம்பர் குறைச்சுக் காட்டும்.

மத்த மூணும் நாளைக்கு எழுதுறேன், டியூட்டி.

---

வேப்பமூட்டுக்காரன் | ஜூன் 8, காலை 6:50

சிஸ்டர் சொன்னது சரிதான். ஆனா சுகர் குறைஞ்சா சாக்லேட் கொடுக்குறதுல என்ன தப்பு? இனிப்புதானே. சாக்லேட்டைவிட ஒரு துண்டு கருப்பட்டி கொடுங்க. அது இயற்கை, உடம்புக்குக் கெடுதல் இல்ல, சுகரைத் திடீர்னு ஏத்தாது.

---

நாலாப்பு_டீச்சர் | ஜூன் 8, காலை 7:35

நான் உதவிபெறும் பள்ளியில நாலாம் வகுப்பு எடுக்குறேன். டீச்சர் பக்கத்துல இருந்து சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

என் வகுப்புல 38 பிள்ளைங்க. "நன்றாகக் கவனித்துக்கொள்ளவும்"னு எழுதினா நான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. என்ன பார்த்தா என்ன செய்யணும்னு எழுதுங்க. நான் என்ன செய்ய வேண்டாம்னும் எழுதுங்க. "டீச்சர் குத்த வேண்டாம், ஊசி போட வேண்டாம்"னு ஒரு வரி இருந்தா எங்களுக்குப் பாதி பயம் போகும்.

ரெண்டாவது, அரைப் பக்கத்துக்குள்ள முடியுங்க. நான் லீவு போடுற அன்னைக்கு வேற டீச்சர் வருவாங்க. அவங்களுக்கு நான் ரெண்டு பக்கக் கடிதத்தைத் தேடி எடுத்துக் கொடுக்க முடியாது. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டுற அளவு இருந்தா யார் வந்தாலும் கண்ணுல படும்.

மூணாவது, HM அறை எங்க ஸ்கூல்ல மாடியில. தினமும் ஒரு பிள்ளையை அங்க அனுப்புறது சிரமம்.

---

வார்டு_சிஸ்டர் | ஜூன் 8, மதியம் 2:10

டீச்சர் மாடின்னு சொன்னதுதான் நான் சொல்ல வந்த ரெண்டாவது விஷயம். சுகர் 55-ல இருக்குற பிள்ளையைத் தனியா மாடிப்படி ஏற விடக்கூடாது. காலு நடுங்கும், பாதியில உக்காந்துரும், யாருக்கும் தெரியாது. உக்காந்திருக்குற பெஞ்சுலயே பார்க்கணும். எங்கயாவது போகணும்னா கூட ஒரு ஆள் போகணும். கடிதத்துல "தனியாக அனுப்ப வேண்டாம்"னு தெளிவா போடுங்க.

மூணாவது, பாலித்தீன் கவர். ஸ்ட்ரிப் விலை கொஞ்சநஞ்சமில்ல, தொலைஞ்சிரும்னு பயந்து மூணு மட்டும் கொடுத்து விடுறது புரியுது. ஆனா ஸ்ட்ரிப் பாட்டில் மூடிக்குள்ளயோ சுவருக்குள்ளயோ ஈரம் உறிஞ்சுற மருந்து வச்சிருப்பாங்க. கவர்ல போட்டா அது கிடைக்காது. நம்ம மாவட்டத்துல ஜூன்ல ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழை, ரெண்டுக்கும் நடுவுல கடல் காத்து. ஈரம் புகுந்த ஸ்ட்ரிப் எரர் காட்டினா நல்லது, கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிரும். எரர் காட்டாம ஏதோ ஒரு நம்பர் காட்டுறதுதான் வம்பு. 25 ஸ்ட்ரிப் உள்ள சின்னப் பாட்டில் ஒண்ணு ஸ்கூலுக்குன்னு தனியா வாங்கிடுங்க. திறந்த தேதியை மூடியில எழுதுங்க. திறந்தப்புறம் எத்தனை மாசம்னு பாட்டில்லயே போட்டிருக்கும். ஒண்ணு எடுத்த உடனே மூடணும்னு பிள்ளைக்குப் பழக்குங்க. வெயில்ல நிக்குற வண்டி டிக்கியில வச்சிராதீங்க.

நாலாவது சாக்லேட். வேப்பமூட்டு அண்ணன் கேட்டதுக்கும் சேர்த்துச் சொல்றேன். சாக்லேட்ல கொழுப்பு இருக்கு. கொழுப்பு வயித்துல இருந்து கீழ இறங்குறதைத் தாமதப்படுத்தும். இனிப்பு ரத்தத்துல சேர நேரமாகும். அந்த நேரம் நமக்கு இல்ல. கருப்பட்டி சுகரை ஏத்தாதுங்குறது தப்பு அண்ணே, அதுலயும் பெரும்பங்கு சீனியில உள்ள அதே சர்க்கரைதான், நல்லாவே ஏத்தும். ஏத்துறதுதான் இப்ப நமக்கு வேணும், அந்த வகையில உங்க யோசனை மோசமில்ல. ஆனா கட்டியைக் கடிச்சு எச்சில்ல கரைச்சு முழுங்க நேரமாகும், கை வாய் நடுங்குற பிள்ளைக்குத் தொண்டையில சிக்கவும் செய்யும். பொடிச்சுத் தண்ணியில கரைச்சா சரி. அதுக்குச் சீனியே கரைச்சிரலாம்.

எவ்வளவுன்னா, கிலோவுக்கு 0.3 கிராம். 26 கிலோவுக்கு எட்டு கிராம் சுமார். தலை தட்டின டீஸ்பூன் ரெண்டு. அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும். அப்பவும் 70-க்குக் கீழன்னா இன்னொரு தடவை அதே அளவு.

---

வேப்பமூட்டுக்காரன் | ஜூன் 8, மதியம் 3:02

சரி சிஸ்டர், சாக்லேட்டை வாபஸ் வாங்குறேன். ஆனா சீனி எதுக்கு, கடையில குளுக்கோஸ் பவுடர் விக்குதே. அது இன்னும் வேகம்தானே?

---

வார்டு_சிஸ்டர் | ஜூன் 8, மாலை 6:30

வேகம்தான். அதுல தப்பில்ல. ஆனா நான் மேல சொன்ன விரல் விஷயத்தை அதோட சேர்த்துப் பாருங்க. பிள்ளை தன் கையால பவுடர் பாக்கெட்டைக் கிழிச்சு அள்ளிப் போட்டுக்குது. விரல் முழுக்கத் தூள். 15 நிமிஷம் கழிச்சு அதே விரல்ல குத்துது. மீட்டர் 180 காட்டும். "ஏறிருச்சு, நல்லாயிட்டா"ன்னு டீச்சர் நோட்டுத் திருத்தப் போயிருவாங்க. உள்ள இன்னும் 58-லயே நிக்கும்.

ஒரு வேடிக்கை, சாதாரணச் சீனியை மீட்டர் நேரடியாப் பிடிக்காது. ஸ்ட்ரிப்புல உள்ள என்சைம் குளுக்கோஸைத்தான் பிடிக்கும், சீனி வயித்துக்குள்ள போய் உடைஞ்சாத்தான் குளுக்கோஸ் வரும். அதனால சீனித் தூள் விரல்ல பட்டா அவ்வளவு ஏமாத்தாது. கடை குளுக்கோஸ் பவுடர் அப்படியில்ல. எதைக் கொடுத்தாலும் ரெண்டாவது டெஸ்டுக்கு முன்னாலயும் கழுவணும், அது கட்டாயம். ஆனா கழுவ மறந்த அன்னைக்குச் சீனி கொஞ்சம் மன்னிக்கும்.

---

சென்சார்_அப்பா | ஜூன் 8, இரவு 8:15

எங்க பையனுக்குக் கையில சென்சார் ஒட்டியிருக்கோம், குத்துற வேலையே இல்ல. மட்டிப்பழம், பவுடர் எதுவும் பிரச்சினை இல்ல. இவங்களும் அதையே வாங்கலாமே? 2023-ல தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமே மாநிலங்களுக்கு எழுதியிருக்கு: டைப் 1 பிள்ளைங்க வகுப்பு நேரத்துலயே சுகர் பார்க்கவும், ஊசி போடவும், இடையில சாப்பிடவும் விடணும்னு. சி.பி.எஸ்.இ. 2017-லயே பரீட்சை அறைக்குள்ள தின்பண்டம் எல்லாம் விட்டுச்சு. கடிதத்துல அதைப் போட்டு உரிமைன்னு கேளுங்க.

---

நாலாப்பு_டீச்சர் | ஜூன் 8, இரவு 8:50

சார், அந்த ஆணையக் கடிதத்தோட நகலை HM-க்குக் கொடுங்க, நல்லது. கிளாஸ் டீச்சருக்குக் கொடுக்குற தாள்ல அதைப் போட்டா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும். எனக்கு வேண்டியது சட்டம் இல்ல, 12:20-க்கு என்ன நடக்கணும்ங்குறது.

12:20-னு ஏன் சொல்றேன்னா, 12:30-க்கு மணி அடிச்சதும் எல்லா வகுப்பும் தட்டைத் தூக்கிட்டுக் குழாய்க்கு ஓடும். நாலு குழாய்க்கு இருநூறு பிள்ளைங்க. அந்தக் கூட்டத்துல ஒரு பிள்ளை கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கும்னு நம்பாதீங்க. பத்து நிமிஷம் முன்னால அனுப்பினா குழாய் காலி.

இன்னொண்ணு கேக்கணும். மத்த பிள்ளைங்க முன்னால பெஞ்சுல வச்சுக் குத்தினா ரத்தம் பார்த்துப் பயப்படுவாங்களே?

---

வார்டு_சிஸ்டர் | ஜூன் 8, இரவு 9:30

டீச்சர், அந்த 12:20 யோசனை எனக்குத் தோணாதது. அப்படியே எடுத்துக்கோங்க இரணியல் அக்கா.

ரத்தம் ஒரு கடுகு அளவுதான், முதல் வாரம் எட்டிப் பார்ப்பாங்க, அப்புறம் மறந்துருவாங்க. ஆனா பிள்ளைக்கே கூச்சம் இருந்தா வகுப்புல கடைசி பெஞ்சு, இல்லாட்டி டீச்சர் மேசைக்குப் பின்னால. அதைப் பிள்ளைகிட்டயே கேட்டு முடிவு பண்ணுங்க, இதுல எனக்கு ஒரு கருத்தும் இல்ல. குத்துற ஊசிதான் கவனிக்க வேண்டியது. வகுப்புக் குப்பைத் தொட்டியில போட்டா பெருக்குற ஆயா கையில குத்தும். இறுக மூடுற கட்டி பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு பைக்குள்ளயே இருக்கட்டும், வீட்டுக்குத் திரும்பி வரட்டும். குத்துற பேனாவை "எனக்கும் பார்க்கட்டா"ன்னு கேக்குற பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது, ஊசியை மாத்தினாலும் கூடாது. ரத்தத்துல பரவுற மஞ்சள் காமாலை அதுல ஒட்டி வரும்.

சென்சார் அண்ணே, சென்சார் நல்லதுதான், வசதி உள்ளவங்க வைக்கட்டும். ஆனா "குத்துற வேலையே இல்ல"ங்குறது பாதிதான் சரி. அது ரத்தத்தைப் பார்க்கல, தோலுக்குக் கீழ உள்ள நீரைப் பார்க்குது. ரத்தத்துல மாறினது அங்க வந்து சேரக் கொஞ்ச நிமிஷம் பிந்தும். சுகர் வேகமா இறங்கும்போது அது இன்னும் 85-னு காட்டிட்டு இருக்கும், பிள்ளை வியர்த்துக் கொட்டும். சீனி குடிச்சு ஏறின பிறகும் இன்னும் 60-னு காட்டும், அதைப் பார்த்துட்டு இன்னும் இன்னும்னு கொடுத்துருவாங்க. முகமும் நம்பரும் ஒத்துப்போகலன்னா விரல்ல குத்திப் பார்க்கணும்.

---

சென்சார்_அப்பா | ஜூன் 8, இரவு 10:05

ஒத்துக்குறேன் சிஸ்டர். எங்க ஸ்கூல்ல சென்சார் படிக்க ஃபோன் விட மாட்டேங்குறாங்க, அது வேற கதை. ஒரு சந்தேகம்: பிள்ளை மயங்கிட்டா வாயில தேன் தடவலாம்னு ஒரு இடத்துல படிச்சேன். கடிதத்துல போடலாமா?

---

வார்டு_சிஸ்டர் | ஜூன் 8, இரவு 10:40

மயங்கின பிள்ளை வாய்க்குள்ள எதையும் ஊத்தக் கூடாது, அதுல யாருக்கும் மாற்றுக் கருத்தில்ல, நுரையீரலுக்குள்ள போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108-க்கு ஃபோன் பண்ணணும். கன்னத்தோட உள்பக்கம் கொஞ்சமாத் தேன் தடவுறதைப் பத்தி, வேற வழியே இல்லாத இடத்துல செய்யலாம்னு ஒரு சாரார், வேண்டவே வேண்டாம்னு ஒரு சாரார். நான் டீச்சர்கிட்ட கொடுக்குற தாள்ல அதை எழுத மாட்டேன். உங்க டாக்டர் சுகரை ஏத்துற குளுகாகன் ஊசி எழுதிக் கொடுத்திருந்தா அது வேற பேச்சு, அதை யார் போடுறதுன்னு ஸ்கூலோட தனியாப் பேசணும்.

---

வேப்பமூட்டுக்காரன் | ஜூன் 9, காலை 7:05

எங்க ஆச்சி தேன் தடவித்தான் ஒருத்தரை எழுப்பினாங்க. நான் இதை இன்னும் ஒத்துக்கல. ஆனா டீச்சர் தாள்ல வேண்டாம்ங்குறது சரி.

---

இரணியல்_அம்மா | ஜூன் 9, மாலை 5:20

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை சாயங்காலமே சோதிச்சுப் பார்த்துட்டேன். பிள்ளைகிட்ட மட்டிப்பழம் உரிக்கச் சொல்லி, ஸ்பிரிட் வச்சுத் துடைச்சுப் பார்த்தா 287. சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சுப் பார்த்தா 131. ரெண்டுக்கும் இடையில நாலு நிமிஷம். போன வருஷம் மத்தியானத்துல காரணமே தெரியாம ரெண்டு தடவை சுகர் இறங்கினது நினைவுக்கு வருது, அன்னைக்கு என்ன தின்னா, யாருக்கு உரிச்சான்னு இப்ப யாருக்குத் தெரியும்.

ரெண்டு சந்தேகம். கழுவின பிறகும் ரெண்டு தடவை பார்த்தா 131, 122-னு வேற வேற வருது. மீட்டர் கெட்டதா? இன்னொண்ணு, தண்ணியே இல்லாத நாள் என்ன செய்ய?

---

வார்டு_சிஸ்டர் | ஜூன் 9, இரவு 8:00

மீட்டர் நல்லாத்தான் இருக்கு. 100-க்கு மேல உள்ள நம்பர்ல 15 சதவீதம் வரை முன்ன பின்ன இருக்கலாம்னுதான் மீட்டருக்கான தர விதியே இருக்கு. 131-ம் 122-ம் ஒண்ணுதான். 287-ம் 131-ம் ஒண்ணில்ல. தாத்தாவுக்கு ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுங்க: நோட்டில் 250-க்கு மேல எழுதியிருந்தா, தன் கண் முன்னால பிள்ளையைக் கழுவ வச்சு, வேற விரல்ல இன்னொரு தடவை பார்த்துட்டுத்தான் கணக்குப் போடணும். ரெண்டாவதும் அதே அளவு இருந்தா உண்மையிலேயே கூடியிருக்கு. ஒரு ஸ்ட்ரிப் செலவுதான்.

தண்ணி இல்லாத நாள், குத்தி வர்ற முதல் துளியைச் சுத்தமான பஞ்சால துடைச்சுட்டு ரெண்டாவது துளியை வைக்கச் சொல்லுங்க. கழுவுனதுக்கு அது ஈடாகாது, ஆனா முதல் துளியைவிட மேல். பிதுக்கி எடுக்கக் கூடாது. கையைக் கீழ தொங்கப் போட்டா ரத்தம் தானா வரும். விரல் நுனியில வேண்டாம், பக்கவாட்டுல குத்தினா வலி குறைவு, பென்சில் பிடிக்கவும் இடைஞ்சல் இல்ல.

டீச்சர் தாள்ல இது எல்லாம் வேண்டாம். இது பிள்ளைக்கும் தாத்தாவுக்கும்.

---

இரணியல்_அம்மா | ஜூன் 9, இரவு 10:15

திருத்தி எழுதிட்டேன். அரைப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடிருச்சு.

> மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,
>
> என் மகளுக்கு (4-ஆம் வகுப்பு) டைப் 1 நீரிழிவு உள்ளது. தன் இரத்தச் சர்க்கரையை அவளே பார்த்துக்கொள்வாள். தாங்கள் குத்தவோ ஊசி போடவோ வேண்டியதில்லை.
>
> தினமும் 12:20-க்கு அவளைக் குழாய்க்கு அனுப்பிக் கையைச் சோப்பால் கழுவித் துடைக்கச் சொல்லவும். பழமோ இனிப்போ தொட்ட கையுடன் பார்த்தால் சர்க்கரை பொய்யாகக் கூடுதலாகக் காட்டும், மருந்தும் கூடிவிடும். ஸ்பிரிட், சானிடைசர் இதற்குப் போதாது. கழுவியபின் தன் இடத்திலேயே பார்த்து நோட்டில் எழுதுவாள். 12:30-க்கு அவள் தாத்தா வந்து ஊசி போடுவார். அவர் வராத நாளில் சாப்பிட விடும் முன் எனக்கு ஃபோன் செய்யவும்.
>
> வியர்த்தல், கை நடுக்கம், திடீர்க் கோபம் அல்லது அமைதி, எழுத்து கோணுதல், மேசையில் தலை சாய்த்தல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே பார்க்கச் சொல்லவும். 70-க்குக் கீழ் இருந்தால் பையில் உள்ள சீனிப் பொட்டலம் ஒன்றை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும். மீட்டர் கையில் இல்லையென்றால் பார்க்காமலேயே கொடுக்கவும். 15 நிமிடம் கழித்துக் கை கழுவி மறுபடி பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் அவளைத் தனியே எங்கும் அனுப்ப வேண்டாம். இரண்டாம் முறையும் 70-க்குக் கீழ் என்றால் இன்னொரு பொட்டலம் கொடுத்துவிட்டு எனக்கு அழைக்கவும்.
>
> மயங்கினால் வாயில் எதுவும் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐயும் பிறகு என்னையும் அழைக்கவும்.
>
> 250-க்கு மேல் இருந்தாலோ, மீட்டர் HI என்று காட்டினாலோ தண்ணீர் குடிக்கவும் கழிவறை செல்லவும் தடையின்றி விடவும். வாந்தியோ வயிற்று வலியோ சேர்ந்தால் காத்திராமல் அழைக்கவும்.
>
> விளையாட்டு வகுப்புக்கு முன்பும் ஒருமுறை பார்ப்பாள். 90-க்குக் கீழ் என்றால் பையில் உள்ள பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு விளையாடலாம். வீட்டிலேயே காலை உணவும் ஊசியும் முடித்து வருவதால் பள்ளிக் காலை உணவை அவளுக்குத் தர வேண்டாம்.

---

நாலாப்பு_டீச்சர் | ஜூன் 10, காலை 6:45

இது எனக்குப் புரியுது. "எழுத்து கோணுதல்" ரொம்பச் சரி. கரும்பலகையைப் பார்த்து எழுதுற பிள்ளை வரியை விட்டு இறங்கி எழுத ஆரம்பிச்சா அதுதான் எங்க கண்ணுல முதல்ல படும். மயக்கம், 70, 250 மூணு வரியையும் கொஞ்சம் பெருசாப் போடுங்க. PT சாருக்குக் கடைசிப் பத்தியை மட்டும் தனித் துண்டுத் தாளாக் கொடுங்க, முழுக் கடிதத்தை அவர் படிக்க மாட்டாரு.

காலை உணவு வரி நல்லா யோசிச்சீங்க. உப்புமா வாசம் வந்தா எந்தப் பிள்ளையும் தட்டைத் தூக்கும், பரிமாறுறவங்களுக்கும் சொல்லி வைக்கணும்.

---

வார்டு_சிஸ்டர் | ஜூன் 10, காலை 9:10

70, 90, 250 மூணையும் உங்க டாக்டர்கிட்ட காட்டி ஒரு கையெழுத்து வாங்கிக்கோங்க. சில பிள்ளைங்களுக்கு அவங்க வேற நம்பர் வைப்பாங்க. ஆசாரிப்பள்ளத்துல பார்க்குறீங்கன்னா அடுத்த தடவை போகும்போது தாளையும் நோட்டையும் சேர்த்தே கொண்டு போங்க.

சீனிப் பொட்டலத்தைப் பேப்பர்ல மடிச்சா எறும்பு வரும், மழைக்காலத்துல கட்டியாயிரும். மூடி இறுகுற சின்ன டப்பா அஞ்சுல ரெண்டு ரெண்டு ஸ்பூன் போட்டு, ரெண்டு பிள்ளை பையிலயும் மூணு டீச்சர் மேசையிலயும் வைங்க. கடிதத்துல "பொட்டலம்"ங்குறதை "டப்பா"ன்னு மாத்திடுங்க.

---

நாலாப்பு_டீச்சர் | ஜூன் 10, காலை 9:25

மோட்டார் ரிப்பேர்னா குழாயில தண்ணி வராது, அது மாசத்துல ரெண்டு நாளாவது உண்டு. அரை லிட்டர் பாட்டில் ஒண்ணுல தண்ணியும், ஒரு சின்னத் துண்டும் கொடுத்து விடுங்க.

---

இரணியல்_அம்மா | ஜூன் 10, மதியம் 1:30

பாட்டில் எடுத்து வச்சாச்சு டீச்சர். "கை கழுவ மட்டும்"னு மார்க்கர்ல எழுதி ஒட்டியிருக்கேன், இல்லன்னா பத்தரை இன்டர்வெல்லுக்கே குடிச்சுத் தீத்துருவாங்க.